விண்டோஸ் மெயிலா, கிளாசிக் அவுட்லுக்கா? உங்கள் கடிதங்கள் எங்கே தங்குகின்றன என்று பாருங்கள்

புதிதாகக் கணினி வாங்கியவர்கள் மெயில் பார்க்க உட்காரும்போது முதலில் தடுமாறுவது பெயரில்தான். ஸ்டார்ட் மெனுவில் தேடினால் ஒரு கணினியில் Mail என்று வருகிறது. இன்னொன்றில் Outlook என்று வருகிறது. அலுவலகக் கணினியில் Outlook (classic) என்று இருக்கிறது. மூன்றுமே மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துடையவை. மூன்றின் அடையாளப் படமும் நீல நிற உறைதான். ஆனால் உள்ளே மூன்றும் வேறு வேறு ஆட்கள். எது எது என்று தெரிந்துகொள்ளாமல் ஒன்றில் கணக்கைச் சேர்த்து, சில வருடங்கள் கழித்துக் கணினி மாற்றும்போது பழைய மெயில்களைக் காணோம் என்று தேடுபவர்கள் பலர்.

இரண்டில் எது நல்லது என்று கேட்டால் பெரும்பாலும் வசதிகளின் பட்டியலைத்தான் பதிலாகத் தருவார்கள். இதில் பொத்தான்கள் அதிகம், அதில் குறைவு. இதற்குக் காசு, அது இலவசம் என்பார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் மெயிலுக்குப் புதியவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நான் படிக்கிற மெயில், சேமிக்கிற முகவரி, அனுப்பிய கடிதம் ஆகியவை எங்கே தங்குகின்றன? என் கணினி நாளை உடைந்துபோனால் எது மிஞ்சும்? இதற்கு விடை தெரிந்துவிட்டால் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

யார் யார் இவர்கள்?

வயதில் மூத்தது கிளாசிக் அவுட்லுக். 1997-ல் ஆஃபீஸ் தொகுப்பின் ஓர் உறுப்பாக வந்தது. வேர்டு, எக்செல் ஆகியவற்றோடு சேர்த்து விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள் அது. அலுவலகங்களை மனதில் வைத்தே கட்டப்பட்டது. மெயிலோடு நாட்காட்டி, தொடர்பு முகவரிகள், செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் என்று எல்லாம் ஒரே சாளரத்தில் இருக்கும்.

விலை கொடுக்காதவர்களுக்காக விண்டோஸுடனேயே ஒரு சிறிய மெயில் மென்பொருளையும் மைக்ரோசாஃப்ட் தொடர்ந்து கொடுத்து வந்தது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அது அவுட்லுக் எக்ஸ்பிரஸ். பெயரில் அவுட்லுக் இருந்தாலும் பெரிய அவுட்லுக்குக்கும் அதற்கும் உள்ளே உறவு கிடையாது. பிறகு விஸ்டாவில் விண்டோஸ் மெயில் வந்தது. 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது எளிமையான மெயில் செயலி ஒன்று வந்தது. இடது ஓரத்தில் கணக்குகள், நடுவில் மெயில் பட்டியல், வலப்புறம் படிக்கும் இடம், அவ்வளவுதான். பெரியவர்கள் பலர் மெயில் பார்க்கக் கற்றுக்கொண்டது அதில்தான்.

அந்த மெயில் செயலியை 2024 டிசம்பர் 31-ஓடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. இப்போது அதில் மெயில் அனுப்பவும் முடியாது, பெறவும் முடியாது. அதன் இடத்தில் விண்டோஸுடன் இலவசமாக வருவது புதிய அவுட்லுக். ஸ்டார்ட் மெனுவில் வெறுமனே Outlook என்று தெரிவது பெரும்பாலும் இதுதான். பழையதில் பெயருக்குப் பின்னால் classic என்று எழுதியிருக்கும். ஆக, விண்டோஸோடு வரும் மெயில் செயலி என்று யாராவது இன்று சொன்னால் புதிய அவுட்லுக்கைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கிளாசிக் அவுட்லுக்குக்கு 2029 வரையிலாவது ஆதரவு இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அதனால் இரண்டும் இன்னும் சில வருடங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கப் போகின்றன.

திறந்து வைத்திருப்பது எது என்று சந்தேகம் வந்தால் மேல் வரிசையைப் பாருங்கள். இடது மூலையில் File என்ற சொல் இருந்து, அதை அழுத்தியதும் முழுத் திரைக்கும் ஒரு பக்கம் விரிந்து அதில் Account Settings என்ற பெரிய பொத்தான் தெரிந்தால் அது கிளாசிக். அமைப்புகளுக்கெல்லாம் வலது மேல் மூலையில் உள்ள பற்சக்கரத்தை அழுத்த வேண்டியிருந்தால் அது புதியது.

பாப், ஐமேப்: வித்தியாசத்தின் வேர்

உங்களுக்கு வரும் மெயில் முதலில் வந்து சேர்வது உங்கள் கணினிக்கு அல்ல. ஜிமெயில் என்றால் கூகுளின் சர்வருக்கு. சொந்த நிறுவனப் பெயரில் முகவரி வைத்திருந்தால், அந்தப் பெயருக்கு இடம் வாடகைக்குக் கொடுத்த ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வருக்கு. அங்கிருந்து உங்கள் திரைக்குக் கொண்டுவர இரண்டு முறைகள் உண்டு. ஒன்று பாப், மற்றது ஐமேப். திரையில் இவை POP, IMAP என்று தெரியும்.

வங்கிக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஐமேப் முறையில் பணம் வங்கியிலேயே இருக்கிறது, உங்கள் கையில் இருப்பது பாஸ்புக். பாஸ்புக் தொலைந்தால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம், பணத்துக்கு ஒன்றும் ஆகாது. பாப் முறையில் பணத்தை எடுத்து வந்து வீட்டு பீரோவில் வைக்கிறீர்கள். பீரோவுக்கு ஏதாவது ஆனால் போனது போனதுதான்.

கிளாசிக் அவுட்லுக் இரண்டு முறையிலும் வேலை செய்யும். பாப் முறையில் சேர்த்த கணக்கின் மெயில்களை அது கணினியில் ஒரே ஒரு கோப்பில் அடுக்கி வைக்கும். அந்தக் கோப்பின் பெயர் .pst என்று முடியும். பத்து வருட மெயில்கள், இணைப்புகள், அனுப்பியவை, வந்தவை எல்லாம் அந்த ஒரே கோப்புக்குள் இருக்கும். ஐமேப் கணக்கென்றால் .ost என்று முடியும் கோப்பு ஒன்றை வைத்துக்கொள்ளும். அது சர்வரில் இருப்பதன் நகல்தான். அழிந்தாலும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம்.

புதிய அவுட்லுக்கின் கதை வேறு. அதன் உள்ளே ஓடுவது அவுட்லுக் இணையதளத்தின் உருவமே. கணினிக்குள் பெரிய கிடங்கு எதையும் அது கட்டுவதில்லை. இணையம் இல்லாதபோது பார்ப்பதற்காகச் சமீப நாட்களின் மெயில்களை மட்டும் கொஞ்சம் சேமித்து வைத்துக்கொள்ளும். மற்றதெல்லாம் சர்வரில்தான். புதியவருக்கு இது பெரிய பாதுகாப்பு. அவர் எதுவும் செய்யாமலேயே அவருடைய மெயில் கணினிக்கு வெளியே பத்திரமாக இருக்கிறது.

ஓர் அச்சகக்காரரின் கணினி

இந்த வித்தியாசம் எப்படிக் கடிக்கும் என்று பார்க்க ஒரு கற்பனை உதாரணத்தை முழுதாக எடுத்துக்கொள்வோம். சிறிய அச்சகம் நடத்தும் ஒருவர். கடைப் பெயரில் ஒரு மெயில் முகவரி, சொந்தமாக ஒரு ஜிமெயில், இரண்டும் உண்டு. ஹோஸ்டிங் நிறுவனம் கடை முகவரிக்கு ஒதுக்கியிருக்கும் இடம் குறைவு. கணினி சரிசெய்ய வந்த தம்பி ஒருவர் இரண்டையும் கிளாசிக் அவுட்லுக்கில் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். இடம் நிரம்பிவிடக் கூடாதே என்று கடை முகவரியை பாப் முறையிலும், ஜிமெயிலை ஐமேப் முறையிலும் சேர்த்தார். மூன்று வருடங்கள் எந்தச் சிக்கலும் இல்லை. ஒரு மாதம் 20-ஆம் தேதி ஹார்டு டிஸ்க் போய்விட்டது.

புதுக் கணினி வருவதற்குள் அவர் பிரவுசர் வழியாகக் கடை முகவரியைத் திறந்து பார்க்கிறார். உள்ளே 6-ஆம் தேதிக்குப் பிந்தைய மெயில்கள் மட்டுமே இருக்கின்றன. காரணம் இதுதான். பாப் கணக்கின் அமைப்பில் சர்வரில் ஒரு பிரதியை விட்டுவைக்கவும் என்று ஒரு தேர்வு உண்டு. அதன் கீழேயே இத்தனை நாட்களுக்குப் பிறகு சர்வரிலிருந்து நீக்கவும் என்று இன்னொரு தேர்வு, அதில் 14 என்ற எண். அவுட்லுக் சொன்னபடி செய்திருக்கிறது. தினமும் இறக்கியது, பதினான்கு நாள் கழிந்ததும் சர்வரில் இருந்ததை அழித்தது. மூன்று வருட ஆர்டர்கள் இருந்தது அந்த .pst கோப்பில் மட்டுமே. அது டிஸ்க்கோடு போய்விட்டது.

அடுத்து அவர் தான் அனுப்பிய விலைப் பட்டியல்களைத் தேடுகிறார். கடந்த பதினான்கு நாட்களில் அனுப்பியவைகூட இல்லை. பாப் என்பது வந்த மெயிலை இறக்க மட்டுமே தெரிந்த முறை. நீங்கள் அனுப்பிய மெயிலின் பிரதியை அது சர்வருக்குக் கொண்டுபோய் வைக்காது. அனுப்பியவை எல்லாம் கணினியில் மட்டுமே இருந்தன.

ஜிமெயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று வருட மெயில்களும் அப்படியே இருக்கின்றன. ஆனால் அவர் வாடிக்கையாளர்களின் பெயரும் எண்ணும் மெயில் முகவரியும் அவுட்லுக்கில் தட்டித் தட்டிச் சேர்த்து வைத்திருந்தார். அவை போனிலும் இல்லை, ஜிமெயிலின் தொடர்புப் பட்டியலிலும் இல்லை. ஐமேப் என்பது மெயிலுக்கான முறை. முகவரிகளையும் நாட்காட்டியையும் அது சுமக்காது. கிளாசிக் அவுட்லுக்கில் ஜிமெயிலை இப்படிச் சேர்க்கும்போது தொடர்புகளுக்கும் நாட்காட்டிக்கும் உருவாகும் ஃபோல்டர்களின் பெயருக்குப் பக்கத்தில் This computer only என்று எழுதியிருக்கும். இந்தக் கணினியில் மட்டும் என்று அவுட்லுக் ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறது. ஆனால் பலரும் அதைக் கவனித்துப் படிப்பதில்லை.

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. கணினி நன்றாக இருக்கும்போதே, ஏதோ கோளாறு என்று அந்த ஜிமெயில் கணக்கை அவுட்லுக்கிலிருந்து நீக்கிவிட்டுத் திரும்பச் சேர்ப்பவர்கள் உண்டு. கணக்கை நீக்கும்போது அதன் .ost கோப்பும் போகும். மெயில்கள் சர்வரிலிருந்து திரும்பி வந்துவிடும். இந்தக் கணினியில் மட்டும் இருந்த முகவரிகள் வரமாட்டா. நீக்குவதற்கு முன் அவுட்லுக் எச்சரிக்கை காட்டும். அதில் Yes அழுத்தும் முன் நிறுத்திப் படிக்க வேண்டும்.

இதே அச்சகக்காரர் ஜிமெயிலைப் புதிய அவுட்லுக்கில் சேர்த்திருந்தால், கூகுளின் தொடர்புகளும் நாட்காட்டியும் மெயிலோடு சேர்ந்தே வந்திருக்கும். அங்கே சேர்த்த முகவரி கணினியோடு போயிருக்காது.

புதிய அவுட்லுக்குக்கு ஜிமெயிலைக் கொண்டுவருவது

புதிய அவுட்லுக்கை முதல்முறை திறந்ததும் மெயில் முகவரி கேட்கும். முகவரியைக் கொடுத்து Continue அழுத்தினால் ஓர் அறிவிப்பு வரும். உங்கள் ஜிமெயில் கணக்கை மைக்ரோசாஃப்டின் கிளவுடோடு ஒத்திசைக்கப் போகிறோம் என்பது அதன் பொருள். சம்மதித்தால் பிரவுசரில் கூகுளின் உள்நுழைவுப் பக்கம் திறக்கும். கடவுச்சொல்லை அங்கேதான் கொடுக்கிறீர்கள், அவுட்லுக்கிடம் அல்ல. எந்தெந்த அனுமதிகள் வேண்டும் என்று கூகுள் பட்டியலிடும். Allow கொடுத்ததும் மெயில்கள் வரத் தொடங்கும். சர்வர் பெயர், போர்ட் எண் எதுவும் தட்ட வேண்டியதில்லை.

அந்த அறிவிப்பை அவசரத்தில் கடந்துவிடாமல் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். சம்மதிக்கும்போது உங்கள் ஜிமெயிலில் உள்ள மெயில்கள், முகவரிகள், நாட்காட்டி ஆகியவற்றின் பிரதி மைக்ரோசாஃப்டின் சர்வர்களுக்கும் போகிறது. கூகுளிடம் இருப்பது மைக்ரோசாஃப்டிடமும் இருக்கும். வேகமான தேடல் போன்ற வசதிகளுக்காக இப்படிச் செய்வதாக அந்த நிறுவனம் சொல்கிறது. குடும்பக் கடிதங்களும் டிக்கெட் மெயில்களும் மட்டும் வைத்திருப்பவர் இதைப் பொருட்படுத்தாமல் இருக்கலாம். நோயாளிகளின் விவரங்களோ கட்சிக்காரர்களின் வழக்கு விவரங்களோ கையாளும் மருத்துவரும் வழக்கறிஞரும் அப்படி இருக்க முடியாது. கிளாசிக் அவுட்லுக்கில் ஐமேப் வழியாகச் சேர்த்தால் உங்கள் கணினி கூகுளின் சர்வரோடு நேராகப் பேசும். நடுவில் மூன்றாவது கிளவுடு கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் பழையதுதான் மேல்.

இலவசம் என்பதற்கும் ஒரு விலை உண்டு. சந்தா கட்டாதவர்களுக்குப் புதிய அவுட்லுக்கில் விளம்பரம் வரும். அது ஓரத்தில் தனிப் பெட்டியாக மட்டும் நிற்பதில்லை. இன்பாக்ஸ் பட்டியலின் மேலே மற்ற மெயில்களைப் போலவே ஒரு வரியாகவும் உட்கார்ந்திருக்கும். Ad என்ற சிறிய குறி மட்டுமே வித்தியாசம். யாரோ அனுப்பிய மெயில் என்று நினைத்து அழுத்திவிடுவது மிக எளிது. வயதானவர்களுக்கு அமைத்துக் கொடுப்பவர்கள் இந்த வரியை விரலால் தொட்டுக் காட்டி, இது யாரும் எழுதிய கடிதம் அல்ல என்று சொல்லிக் கொடுத்துவிட வேண்டும்.

இன்னொரு குழப்பம், வந்த மெயில் தெரியவில்லை என்பது. இன்பாக்ஸின் தலையில் Focused, Other என்று இரண்டு பிரிவுகள் இருந்தால், முக்கியம் என்று அவுட்லுக் கருதுவது முதலாவதில் விழும், மற்றவை இரண்டாவதில் விழும். மின்வாரிய ரசீதும் வங்கி அறிவிப்பும் Other பக்கம் போய் உட்கார்ந்திருக்கக்கூடும். பற்சக்கரத்தை அழுத்தி, மெயில் அமைப்பில் Layout பகுதிக்குப் போனால் இந்தப் பிரிவினையை நிறுத்திவிடலாம். புதியவர்களுக்கு அதை நிறுத்திக் கொடுப்பதே நல்லது.

கிளாசிக் யாருக்குத் தேவை?

கிளாசிக் அவுட்லுக்கைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அது செய்யும் சில வேலைகளைப் புதியது செய்வதில்லை. கணினியில் நிறுவப்பட்ட பழைய வகைத் துணை மென்பொருள்கள் பலவும் கிளாசிக்கில்தான் ஓடும், புதியதில் ஓடாது. மேக்ரோ எழுதி வேலைகளைத் தானியங்கியாகச் செய்பவர்களுக்கும் அதுவே வேண்டும். வேர்டில் ஒரே கடிதத்தை எழுதி நூறு பேருக்கு அவரவர் பெயர் போட்டு மெயில் அனுப்பும் வேலைக்கு அது நெடுங்காலமாகக் கைகொடுக்கிறது. இணையம் அடிக்கடி விட்டுப்போகும் இடத்தில் பல வருட மெயில்களையும் கணினியிலேயே வைத்துத் தேட வேண்டும் என்றாலும் அதுதான் தோது. கையில் ஏற்கெனவே பெரிய .pst கோப்பு இருப்பவர்கள் அவசரப்பட்டு அதை விட்டு வர வேண்டியதும் இல்லை.

ஆனால் இந்த வசதிகளுக்கு ஈடாக ஒரு பொறுப்பும் வருகிறது. கிடங்கு உங்கள் வீட்டில் இருந்தால் காவலும் உங்களுடையதுதான். கிளாசிக் பயன்படுத்துகிறவர் தன் மெயில் எங்கே இருக்கிறது என்று ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும். File அழுத்தி, Account Settings போய், அதற்குள் மறுபடி Account Settings திறந்தால் ஒரு சிறிய சாளரம் வரும். முதல் பக்கத்தில் ஒவ்வொரு கணக்கின் எதிரிலும் அதன் வகை எழுதியிருக்கும். POP/SMTP என்று இருந்தால் பீரோ கணக்கு. IMAP/SMTP என்று இருந்தால் பாஸ்புக் கணக்கு. அதே சாளரத்தில் Data Files என்ற பக்கத்துக்குப் போனால் கோப்பின் பெயரும் அது இருக்கும் இடமும் தெரியும். .pst கோப்புகள் வழக்கமாக Documents ஃபோல்டருக்குள் Outlook Files என்பதில் இருக்கும். Open File Location அழுத்தினால் நேராக அங்கே கொண்டுபோய் விடும்.

.pst கோப்பைப் பிரதி எடுக்கும் முன் அவுட்லுக்கை மூடிவிட வேண்டும். திறந்திருக்கும்போது அது கோப்பைப் பூட்டி வைத்திருக்கும், பிரதி எடுக்க முடியாது. மூடியபின் கோப்பை வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து வையுங்கள். புதுக் கணினியில் File, பிறகு Open & Export, பிறகு Open Outlook Data File என்று போய் அந்தக் கோப்பைக் காட்டினால் பழைய ஃபோல்டர்கள் எல்லாம் அப்படியே விரியும். அச்சகக்காரர் மாதம் ஒருமுறை இதைச் செய்திருந்தால் அவர் இழந்திருக்கக்கூடியது அதிகபட்சம் சில வாரங்கள்.

இந்தக் கணினியில் மட்டும் என்று இருக்கும் முகவரிகளையும் வெளியே கொண்டுவரலாம். அதே Open & Export பக்கத்தில் Import/Export என்பதை அழுத்தி, கோப்பாக ஏற்றுமதி செய்யும் வழியைத் தேர்ந்து, Comma Separated Values என்பதைக் கொடுத்து, தொடர்புகள் ஃபோல்டரைக் காட்ட வேண்டும். கிடைக்கும் கோப்பை பிரவுசரில் contacts.google.com திறந்து Import வழியாக ஏற்றிவிட்டால் அந்த முகவரிகள் போனிலும் தெரியும், எந்தக் கணினியிலும் தெரியும்.

கிளாசிக்கில் புதியவர்களை அலைக்கழிக்கும் இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது, எழுதிய மெயில் Outbox ஃபோல்டரிலேயே நிற்பது. பெரும்பாலும் Send/Receive பக்கத்தில் உள்ள Work Offline பொத்தான் தெரியாமல் அழுத்தப்பட்டிருக்கும். சாளரத்தின் அடிப்பகுதியில் Working Offline என்று தெரிந்தால் அதுதான் காரணம். பொத்தானை மறுபடி அழுத்தினால் மெயில் கிளம்பிவிடும். இரண்டாவது, பழைய ஆஃபீஸ் பதிப்புகள். அவற்றில் ஜிமெயில் கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தாலும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கும். கூகுள் இப்போது வெறும் கடவுச்சொல்லை மட்டும் நம்பிப் பிற மென்பொருள்களை உள்ளே விடுவதில்லை. அதன் சொந்தப் பக்கத்தில் உள்நுழையத் தெரிந்த புதிய பதிப்பு வேண்டும். இல்லையென்றால் கூகுள் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, அந்த மென்பொருளுக்கென்று 16 எழுத்துகள் கொண்ட தனிக் கடவுச்சொல்லை உருவாக்கிக் கொடுக்க வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

ஜிமெயில், யாகூ, அவுட்லுக் டாட் காம் போன்ற கணக்கு ஒன்றோ இரண்டோ வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்குச் சில மெயில்கள் படித்து, எப்போதாவது பதில் எழுதுகிறவருக்கு விண்டோஸோடு வரும் புதிய அவுட்லுக் போதும். அவர் கிளாசிக்குக்காகக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. விளம்பர வரியை அடையாளம் காணவும், Other பிரிவை நிறுத்தவும் கற்றுக்கொண்டால் வேறு தொல்லை இல்லை. மெயில் இன்னொரு நிறுவனத்தின் கிளவுடுக்குப் போவது பிடிக்கவில்லை என்றால் எந்தச் செயலியும் இல்லாமல் பிரவுசரிலேயே ஜிமெயிலைத் திறந்து படிக்கலாம். ஒரே கணக்கு வைத்திருப்பவருக்கு அது எந்த விதத்திலும் குறைந்த வழி அல்ல.

அலுவலகம் கிளாசிக் கொடுத்திருந்தால் அதையே பயன்படுத்துங்கள். அங்கே கணக்கு பெரும்பாலும் நிறுவனத்தின் சர்வரோடு இணைந்திருக்கும். மெயிலும் நாட்காட்டியும் முகவரியும் சேர்ந்தே அங்கே பத்திரமாக இருக்கும். வீட்டிலோ கடையிலோ சொந்தமாகக் கிளாசிக் வைத்துக்கொள்கிறவர் புதுக் கணக்கு சேர்க்கும்போது ஐமேப் முறையையே கேட்டு வாங்க வேண்டும். ஹோஸ்டிங் இடம் போதவில்லை என்றால் பாப்புக்கு மாறுவதற்கு முன் கூடுதல் இடத்தின் வாடகையை விசாரியுங்கள். மூன்று வருட ஆர்டர்களின் மதிப்போடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். பாப் தவிர வழியே இல்லை என்றால் அந்த 14 நாள் தேர்வை எடுத்துவிட்டு, .pst கோப்பைப் பிரதி எடுப்பதை மாதாந்திர வேலையாக்கிக்கொள்ளுங்கள்.

நிறுத்தப்பட்ட பழைய மெயில் செயலியில் இருந்தவர்களுக்கும் ஒரு சொல். அதில் இருந்த ஜிமெயில், யாகூ மெயில்கள் எங்கும் போகவில்லை. அவை அந்தந்த சர்வரில்தான் இருக்கின்றன. புதிய அவுட்லுக்கில் கணக்கைச் சேர்த்ததும் வந்துவிடும். சர்வருக்குப் போகாமல் அந்தக் கணினியிலேயே தங்கிவிட்ட வரைவுகளோ முகவரிகளோ இருந்தால், அவற்றை ஏற்றுமதி செய்துகொள்ளும் வழியை மைக்ரோசாஃப்ட் அந்தச் செயலியில் விட்டு வைத்திருக்கிறது. கணினியை மாற்றுவதற்கு முன் அதைச் செய்துவிட வேண்டும்.

எந்தச் செயலியில் இருந்தாலும் உங்கள் மெயில் எங்கே தங்குகிறது என்று அறிய ஓர் எளிய சோதனை இருக்கிறது. இரண்டு வருடங்களுக்கு முந்தைய மெயில் ஒன்றை உங்கள் கணினியில் தேடி எடுங்கள். நீங்கள் அனுப்பிய மெயில் ஒன்றையும், சேமித்த முகவரி ஒன்றையும் எடுங்கள். பிறகு வேறொருவரின் கணினியிலோ போனிலோ பிரவுசர் வழியாக உங்கள் கணக்கில் நுழைந்து அந்த மூன்றையும் தேடுங்கள். மூன்றும் கிடைத்தால் நீங்கள் இருக்கும் செயலியிலேயே இருக்கலாம். எது கிடைக்கவில்லையோ அது உங்கள் கணினியில் மட்டும் இருக்கிறது. அதை இன்றைக்கே பிரதி எடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் உங்கள் கணக்கிலிருந்து அங்கே வெளியேறிவிடுங்கள்.